கண்ணாடி போட்டும் போர்டு ஏன் தெரியல?

ஒரு டீச்சர் கேட்டிருந்தாங்க: "என் கிளாஸ்ல அல்பினிசம் இருக்குற பொண்ணு ஒருத்தி இருக்கா. கண்ணாடி போட்டிருக்கா, முதல் பெஞ்ச் நடுவுலதான் உக்கார வெச்சிருக்கேன். அப்பவும் முகத்தை வலது பக்கம் திருப்பிக்கிட்டு ஓரக்கண்ணால போர்டைப் பாக்குறா. நேரா பாருன்னா தெரியலங்கறா. அடம் பிடிக்கிறாளா?"

அடமெல்லாம் இல்லீங்க, அவ ரொம்ப சரியாத்தான் பண்றா.

அல்பினிசம்னா பிறவியிலேயே உடம்புல மெலனின் ரொம்பக் குறைவா இருக்குறது. மெலனின்னா தோல் நிறம்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம். அதே நிறமி விழித்திரைக்குப் பின்னாடியும் ஒரு அடுக்கா இருக்கு, கரு வளரும்போது கண்ணு ஒழுங்கா உருவாகுறதுக்கு அந்த அடுக்கு வேணும். அது குறைஞ்சா விழித்திரை நடுவுல கூர்மையா பாக்குறதுக்குன்னு இருக்குற சின்ன குழி சரியா உருவாகாது. கண்ணாடி படத்தை ஃபோகஸ் பண்ணிக் குடுக்கும், ஆனா படம் விழற இடமே சொரசொரப்பா இருந்தா அது என்ன பண்ணும்? அதான் பவர் எவ்வளவு சரியா போட்டாலும் முழுப் பார்வை வர்றதில்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுக்கு அடுத்தது. கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பிழைகள் நடுவுல ஒரு ஜங்ஷன்ல சந்திக்கும். சாதாரணமா பாதிக்குக் கொஞ்சம் மேல எதிர்ப்பக்கம் போகும், மீதி அதே பக்கம் திரும்பும், ரெண்டு கண்ணோட படமும் ஒன்னு மேல ஒன்னு பொருந்தி ஆழம் தெரியுறது இதனாலதான். அல்பினிசத்துல அதே பக்கம் திரும்ப வேண்டிய இழைகள்ல நிறைய, வழி மாறி எதிர்ப்பக்கம் போயிடுது! பின்மண்டையில எலக்ட்ரோடு ஒட்டி ஒவ்வொரு கண்ணுக்கா படம் காட்டினா எந்தப் பக்க மூளை அதிகமா பதில் சொல்லுதுன்னு பாத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். இது முதல்ல சயாமீஸ் பூனைங்க மூளையிலதான் தெளிவா தெரிஞ்சுது, 1960கள் கடைசியில. பூனை மூளைக்கு எதுக்கு ஆராய்ச்சிப் பணம்னு கேக்குறவங்களைப் பாத்தா எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

இதோட சேர்ந்து கண்ணு தானா ஆடிக்கிட்டே இருக்கும். பிறந்ததுலேர்ந்தே இருக்குறதால அவளுக்கு உலகம் ஆடுற மாதிரி தெரியாது, ஆனா கூர்மை குறையும். பல பேருக்கு ஒரு குறிப்பிட்ட திசையில கண்ணை வெச்சா ஆட்டம் ரொம்பக் குறைஞ்சிடும். இந்தப் பொண்ணு முகத்தை வலது பக்கம் திருப்புறான்னா அவளுக்கு அந்த அமைதியான திசை இடது பக்கம்னு அர்த்தம். அவளை கிளாஸோட வலது பக்கத்துல உக்கார வெச்சா போர்டு தானா இடப்பக்கம் வந்துரும், கழுத்தைத் திருப்பவே வேண்டாம். நடு பெஞ்ச் நல்ல எண்ணம்தான், ஆனா அவளுக்கு அது சரிப்படாது. ஜன்னல் அவ முதுகுப் பக்கமா இருக்கணும், எதிர்ல இருந்தா கூசும்.

எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்? கண்ணாடியோட அவ பார்வை 6/60ன்னு வெச்சுக்குவோம், அதாவது மத்தவங்க 60 மீட்டர்லேர்ந்து படிக்கிற எழுத்தை அவ 6 மீட்டர்லேர்ந்துதான் படிப்பா. 6 மீட்டர்ல ஒரு எழுத்தை அவ கண்டுபிடிக்கவே கிட்டத்தட்ட 9 செ.மீ. உயரம் வேணும். 2 மீட்டருக்கு வந்துட்டா 3 செ.மீ. போதும், ஆனா அது தட்டுத்தடுமாறிப் படிக்கிற அளவு, அலுக்காம படிக்க அதுல ரெண்டு மடங்கு. நோட்டை மூக்குக்கிட்ட கொண்டுபோனா விடுங்க, கண்ணு கெட்டுப்போகாது, 40 செ.மீ.ல பாக்குறதை 10 செ.மீ.ல பாத்தா எழுத்து நாலு மடங்கு பெருசா தெரியும், அவ்வளவுதான்.

வெயில் விஷயத்துல பெரும்பாலானவங்க க்ரீமை மட்டும் நம்புறாங்க. SPF 30க்கு மேல இருக்கட்டும், ஆனா மெல்லிசா தடவினா டப்பாவுல போட்டிருக்குற பாதுகாப்பு கிடைக்காது, 2 மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடி தடவணும். காதையும் பின்கழுத்தையும் எல்லாரும் மறந்துடுவாங்க. நெருக்கமா நெய்த முழுக்கைச் சட்டையும் சுத்தி விளிம்பு இருக்குற தொப்பியும்தான் நிஜமான காவல், கேப் போட்டா காது வெளியதான் இருக்கும். விளையாட்டு பீரியடை காலையிலயோ சாயங்காலமோ மாத்தினா பாதிப் பிரச்சனை தீரும். ஆறாத புண்ணு ஏதாவது இருந்தா தள்ளிப்போடாம தோல் டாக்டர்கிட்ட காட்டணும்.

அப்புறம் இந்த சாபம், பாவம், தொத்திக்கும், அம்மா மேல சந்தேகம்னு பேசுறவங்க. எனக்கு இதைக் கேட்டாலே கோவம்தான் வரும். பெரும்பாலான வகைகள்ல அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் ஒவ்வொரு மாறின ஜீன் வரணும், அவங்க ரெண்டு பேரும் சாதாரண நிறத்துலதான் இருப்பாங்க, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு. அம்மாவை மட்டும் குத்தம் சொல்றவங்க அந்த இன்னொரு ஜீன் யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு யோசிக்கணும். கண்ணு எல்லாருக்கும் சிவப்பாவும் இருக்காது, நீலம், சாம்பல், பழுப்புன்னு இருக்கும். கண்ணு ஆடுறதைப் பாத்துட்டு "கவனமே இல்ல, மந்தம்"னு மார்க் போடுறதும் இதே ரகம்தான், அதைப் படிச்சவங்களே செய்றாங்க.

டீச்சர், நாளைக்கு ஒன்னு பண்ணிப் பாருங்க. போர்டுல நாலு வரி எழுதிட்டு அவளை இடம், நடு, வலம்னு மூணு இடத்துல உக்காரச் சொல்லி படிக்கச் சொல்லுங்க, தலை எங்க நேரா இருக்கோ அதுதான் அவ சீட்.