மாறல்வழித் தன்குறியாக்கி: சொல்லும் பொருளும்

படம் உருவாக்கும் மென்பொருள்களில் 'விஏஇ' என்று ஒரு தேர்வு இருக்கும். அதன் விரிவு வேரியேஷனல் ஆட்டோஎன்கோடர். பெரிய படத்தைச் சிறிய எண்தொகுப்பாகச் சுருக்கி, அந்த எண்களிலிருந்து படத்தைத் திரும்ப எழுப்பும் நரம்பு வலையமைப்பு இது. கூட்டமாக நிற்பவர்களின் கண்கள் குழம்பிப்போவதற்கும் பெயர்ப்பலகையின் பொடி எழுத்து சிதைவதற்கும் பெரும்பங்கு இதனுடையது. அதை விளங்கிக்கொள்ள இந்தப் பெயரைப் பிரித்துப் பார்ப்பதே நல்ல வழி.

'ஆட்டோ' என்றதும் தானியங்கி என்று மொழிபெயர்க்கக் கை பரபரக்கும். இங்கே அது பொருந்தாது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குத் 'தான்' என்றுதான் பொருள். தன்னிடம் தந்த படத்தையே விடையாகவும் வைத்துக்கொண்டு பயில்வதால் இந்தப் பெயர். ஆகவே 'தன்குறியாக்கி' சரி, 'தானியங்கிக் குறியாக்கி' பிழை. எண்களைப் படமாக்கும் மறுபாதியைச் சிலர் குறிநீக்கி என்கிறார்கள். அது எதையும் நீக்குவதில்லை, விரிக்கிறது. நான் 'குறிவிரிப்பி' என்றே எழுதுகிறேன்.

'வேரியேஷனல்' இன்னும் சிக்கலானது. பல இடங்களில் 'மாறுபாட்டு' என்று போடுகிறார்கள். அதைப் படிப்பவர், படங்கள் வேறுவேறாக இருப்பதைக் குறிக்கிறது என்றோ, புள்ளியியலில் வரும் மாறுபாடு என்ற அளவைக் குறிக்கிறது என்றோ நினைப்பார். இந்தக் குறியாக்கி ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சராசரியையும் ஒரு மாறுபாட்டையும் தருவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ஆனால் பெயர் அங்கிருந்து வரவில்லை. 1755இல் கணிதவியலர் லக்ராஞ்சு, மற்றொரு கணிதவியலரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு சார்பைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்து மிகச் சிறந்ததைக் கண்டடையும் முறையைச் சொன்னார். ஆய்லர் அந்தக் கணிதத்துக்கு வைத்த பெயரில்தான் இந்தச் சொல் வேர்கொண்டது. கணக்கிட்டு முடிக்க இயலாத ஒரு நிகழ்தகவுப் பரவலுக்குப் பதிலாக, எளிய பரவல் ஒன்றை மாற்றி மாற்றி அதற்கு நெருக்கமாகக் கொண்டுவருவது பிற்காலப் பயன்பாடு. டிடெரிக் கிங்மாவும் மாக்ஸ் வெல்லிங்கும் 2013 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரை அந்த வேலையை நரம்பு வலையமைப்பிடம் கொடுத்தது. மாற்றிப் பார்த்தல் என்ற அந்தச் செயலைச் சொல்ல 'மாறல்வழி' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சுருக்கிய எண்கள் இருக்கும் இடத்துக்கு 'லேட்டன்ட்' வெளி என்று பெயர். இலத்தீனில் மறைந்திருப்பது என்று பொருள். தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. பள்ளி அறிவியல் பாடத்தில் உள்ளுறை வெப்பம் படித்திருக்கிறோம். தொல்காப்பியம் உள்ளுறை உவமம் பேசுகிறது: சொல்லாத பொருள் சொன்னதற்குள் இருக்கும், கேட்பவர் அதை விரித்துக்கொள்வார். 'உள்ளுறை வெளி' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குறிவிரிப்பிதான் இங்கே கேட்பவர். போதுமான குறிப்பு கிடைக்காதபோது கேட்பவர் ஊகித்து நிரப்புவதுபோல அதுவும் நிரப்புகிறது.

எவ்வளவு குறிப்பு கிடைக்கிறது? ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் உருவாக்கும் மாதிரியின் முதல் பதிப்புகளில் உள்ள விஏஇயை எடுத்துக்கொள்வோம். 512×512 படத்தில் படப்புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், மொத்தம் 7,86,432. குறியாக்கி நீளத்தையும் அகலத்தையும் எட்டில் ஒன்றாக்கி, கட்டம் ஒன்றுக்கு நான்கு எண்கள் வீதம் 64×64×4 ஆகச் சுருக்குகிறது. மிஞ்சுவது 16,384. அதாவது 8×8 புள்ளிச் சதுரத்தின் 192 எண்களுக்கு ஈடாக நான்கே எண்கள். அக்கம்பக்கத்துக் கட்டங்களையும் பார்த்துத்தான் குறிவிரிப்பி விரிக்கிறது என்றாலும் இருப்பு அவ்வளவுதான்.

வானம், சுவர், கன்னம் ஆகியவற்றுக்கு நான்கு எண்கள் தாராளம். அடுத்தடுத்த புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நிறம். இனி, ஒரு குழுப்படத்தில் 40 புள்ளி அகலமுள்ள முகத்தைப் பாருங்கள். ஓவியம் கற்பவர்களின் பழைய கணக்குப்படி முகத்தின் அகலம் ஐந்து கண். ஆகவே கண் 8 புள்ளி அகலம், மூன்று நான்கு புள்ளி உயரம். ஒரு கட்டத்துக்குள் முழுக் கண்ணும் அடங்கிவிடும், அல்லது இரண்டு கட்டத்தின் விளிம்பில் பாதி பாதியாக விழும். கருவிழி, வெண்விழி, இமை, விழியில் மின்னும் ஒளிப்பொட்டு, பார்வை போகும் திசை எல்லாம் அந்த நான்கு அல்லது எட்டு எண்களுக்குள் நெருக்கியடிக்க வேண்டும். அதே முகம் 400 புள்ளி அகலத்தில் இருந்தால் கண்ணுக்கு அகலவாக்கில் மட்டும் பத்துக் கட்டங்கள் கிடைக்கும். வரையும் திறமை அதேதான், இடம்தான் கூடியிருக்கிறது.

எழுத்தில் இது இன்னும் கொடியது. 12 புள்ளி உயர எழுத்தில் 'க்'கின் மேற்புள்ளி இரண்டு படப்புள்ளி அளவுதான். அது மங்கினால் 'க' ஆகிவிடும். 'ண'வின் மூன்று சுழியும் 'ன'வின் இரண்டு சுழியும் ஒரே கரிய திட்டாகும். புல்லில் ஓர் இதழ் இடம் மாறினால் கண் மன்னிக்கும், சொல்லில் ஒரு சுழி மாறினால் மன்னிக்காது.

பயிற்சி முறையும் இதற்குத் துணைபோகிறது. மீட்ட படம் மூலத்தோடு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் படம் முழுவதற்கும் சராசரியாகவே கணக்கிடுகிறார்கள். 32 படப்புள்ளிக் கண் முழுதும் கெட்டாலும் 2,62,144 புள்ளிச் சராசரியில் அது தெரியவே தெரியாது. கூடவே, படம் இயல்பாகத் தோன்றுகிறதா என்று மதிப்பிடும் பகுதிகளும் உண்டு. மங்கலாக விடாதே, நம்பும்படியான இழையமைப்பைப் போடு என்று அவை தள்ளுகின்றன. அதனால்தான் பொடி எழுத்து வெறும் மங்கலாக இல்லாமல் எழுத்துபோலவே இருந்தும் எந்த எழுத்தும் இல்லாத கீறல்களாகிறது. பழைய விஏஇக்களின் பொதுவான மங்கலுக்குக் காரணமான, சுருக்கிய எண்களில் கலக்கும் சீரற்ற இரைச்சல் இங்கே மிகக் குறைவு. அதைக் கட்டுப்படுத்தும் எடையைப் பத்து லட்சத்தில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். ஆகவே குற்றத்தை அதன்மேல் போட முடியாது.

கெட்டது விஏஇயாலா, படம் உருவாக்கும் மாதிரியாலா என்று பிரித்தறிய ஒரு சோதனை போதும். எதையும் உருவாக்காமல், உண்மையான புகைப்படம் ஒன்றைச் சுருக்கி உடனே விரித்துப் பாருங்கள்.

```python
from diffusers import AutoencoderKL
vae = AutoencoderKL.from_pretrained("stabilityai/sd-vae-ft-mse")
z = vae.encode(x).latent_dist.mode()
y = vae.decode(z).sample
```

இங்கே `x` என்பது −1 முதல் 1 வரையிலான மதிப்புகள் கொண்ட 1×3×512×512 படம். `y`யை மூலத்தின் பக்கத்தில் வைத்துக் கண்களை மட்டும் பெரிதாக்குங்கள். நான் ஒரு குடும்பப் படத்தில் செய்து பார்த்தேன். சட்டை மடிப்புகளில் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. பின்வரிசையில் இருந்தவர்களின் கண்கள் மட்டும் ஆளுக்கு ஆள் சற்றே வேறு திசை பார்த்தன. இந்தச் சுற்றிலேயே கெட்டுப்போனால், படம் உருவாக்கும் மாதிரியை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை.

மேலே உள்ள `sd-vae-ft-mse` குறிவிரிப்பியை மட்டும் மேலும் பயிற்றிய பதிப்பு. முகங்கள் ஓரளவு தெளிகின்றன, ஆனால் குறியாக்கி பழையதே என்பதால் அது விட்டுவிட்ட புள்ளி திரும்பாது. முகத்தை வெட்டிப் பெரிதாக்கி, அந்தப் பெரிய அளவில் மறுபடி வரைந்து, பிறகு சிறிதாக்கி ஒட்டுவது பலரும் செய்யும் வழி. கண்ணுக்குக் கூடுதல் கட்டங்கள் கிடைப்பதால் அது பலிக்கிறது. 2024இல் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3 கட்டம் ஒன்றுக்கு 4 எண்களை 16 ஆக உயர்த்தியது. 192க்கு 16 என்றால் சுருக்கம் 48 மடங்கிலிருந்து 12 மடங்காகக் குறைகிறது. மேற்புள்ளிக்கு இப்போது இடம் உண்டு, இரண்டு படப்புள்ளிக்கும் கீழே போகாதவரை.