ஒரே ஆடியில் இரண்டு அமாவாசை: அதிக மாதத்தைக் கண்டுகொள்வது எப்படி?

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நாட்காட்டியைப் புரட்டியவர்கள் ஒரு வியப்பைக் கண்டார்கள். ஜூலை 17 அன்று, அதாவது ஆடி முதல் நாளன்றே அமாவாசை. ஆகஸ்ட் 16 அன்று, ஆடி 31ஆம் நாள், மீண்டும் அமாவாசை. முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய இவற்றுள் எதை ஆடி அமாவாசையாகக் கொள்வது என்ற கேள்வி வீடுதோறும் எழுந்தது. அச்சுப்பிழை ஏதுமில்லை, இரண்டு அமாவாசைகளுக்கும் இடைப்பட்ட அந்த ஏறத்தாழ முப்பது நாள்களே பஞ்சாங்கக்காரர்கள் ‘அதிக மாதம்’ என்று குறிக்கும் கூடுதல் சந்திர மாதம்.

இது தமிழ் மாதக் கணக்கைச் சேர்ந்தது அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சித்திரை முதல் பங்குனி வரையிலான நம் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுகின்றன. சூரியன் கடக ராசிக்குள் நுழைந்தால் ஆடி பிறக்கிறது. சிம்மத்துக்குள் நுழைந்தால் ஆவணி பிறக்கிறது. எனவே நமக்குக் கூடுதல் மாதம் தேவைப்படுவதே இல்லை. பொங்கலும் சித்திரைப் பிறப்பும் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே தேதியில் வந்துவிடுகின்றன. ஆனால் விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி போன்றவை திதியை ஒட்டியவை. அவை ஓர் அமாவாசை முடிவிலிருந்து அடுத்த அமாவாசை முடிவு வரை நீளும் சந்திர மாதங்களில் குறிக்கப்பட்டவை. தெலுங்கரும் கன்னடரும் அன்றாடக் கணக்குக்குக் கொண்டிருக்கும் சைத்திரம், வைசாகம், சிராவணம் ஆகிய மாதங்கள் இவையே.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சந்திர மாதம் சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள். சூரியன் ராசிகளை ஒருமுறை சுற்றி வர 365 நாளும் சற்று கூடுதலும் ஆகிறது. ஆண்டுக்குப் பதினொரு நாள் துண்டு விழுகிறது. தீபாவளித் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்தத் துண்டு கண்ணுக்குத் தெரியும்: 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. ஐப்பசியின் கடைசிப் பகுதியில் இருந்த தீபாவளி, இரண்டே ஆண்டுகளில் ஐப்பசியின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. இப்படியே விட்டால் 2026இல் அது அக்டோபர் 9 வாக்கில், புரட்டாசிக்குள் போய்விடும். பதினைந்து பதினாறு ஆண்டுகளில் கோடை வெயிலில் வெடி வெடிக்க வேண்டியிருக்கும். இசுலாமிய நாட்காட்டி இந்தத் துண்டைச் சரிசெய்வதில்லை. ரமலான் மழைக்காலத்திலும் வெயில் காலத்திலும் மாறி மாறி வருவது அதனால்தான். இந்தியச் சந்திர மாதக் கணக்கோ, துண்டு ஏறத்தாழ ஒரு மாத அளவுக்குச் சேர்ந்ததும் ஒரு மாதத்தைக் கூட்டி, முன்கூட்டி நகர்ந்த பண்டிகையைப் பின்னே தள்ளிவிடுகிறது. 2026 தீபாவளி நவம்பர் 8ஆம் தேதிக்குத் தாவுவது அவ்வாறுதான்.

எந்த மாதத்தைக் கூட்டுவது என்பதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை. ஒரே விதி அதைத் தீர்மானித்துவிடுகிறது. ஒவ்வொரு சந்திர மாதத்துக்குள்ளும் சூரியன் பொதுவாக ஒருமுறை ராசி எல்லையைத் தாண்டும். அந்தத் தாண்டலுக்குச் சங்கராந்தி என்று பெயர். அது எந்த ராசிக்குள் நுழைவது என்பதைப் பொறுத்துச் சந்திர மாதம் பெயர் பெறுகிறது. எந்தச் சந்திர மாதத்துக்குள் சங்கராந்தியே நிகழவில்லையோ, அந்த மாதத்துக்குச் சொந்தப் பெயர் கிடைப்பதில்லை. அது தனக்கு அடுத்து வரும் மாதத்தின் பெயரை இரவல் வாங்கி, முன்னால் ‘அதிக’ என்ற அடையைச் சேர்த்துக்கொள்கிறது. அடுத்து வருவது ‘நிஜ’ மாதம். பண்டிகைகள் நிஜ மாதத்துக்கே உரியவை என்பது பொது வழக்கு.

2023ஐ மணிக் கணக்கோடு பார்ப்போம். ஜூலை 17 அதிகாலை 5 மணியளவில் சூரியன் கடகத்துக்குள் நுழைந்தது. அன்றிரவு நள்ளிரவைத் தாண்டி இரண்டு நிமிடத்தில் அமாவாசை முடிந்தது. ஆக, சங்கராந்தி அமாவாசை முடிவுக்கு ஏறக்குறைய 19 மணி நேரம் முன்னதாகவே நடந்துவிட்டதால், அது அதற்கு முந்தைய ஆஷாட மாதத்தின் கணக்கில் சேர்ந்தது. புதிய சந்திர மாதம் ஜூலை 18 பிறந்தவுடன் தொடங்கி ஆகஸ்ட் 16 பிற்பகல் 3 மணியளவில் முடிந்தது. சூரியன் சிம்மத்துக்குள் நுழைந்ததோ மறுநாள் ஆகஸ்ட் 17 பிற்பகல் ஒன்றரை மணிக்குத்தான். இரண்டு பக்கமும் சங்கராந்தி விளிம்பில் நழுவிவிட, நடுவில் அகப்பட்ட மாதம் வெறுமையாக நின்றது. சிம்ம சங்கராந்தியைப் பெற்ற அடுத்த மாதம் நிஜ சிராவணம் ஆனது. வெறுமையாக நின்றது அதிக சிராவணம் ஆனது. முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 31இல் வந்த விநாயகர் சதுர்த்தி 2023இல் செப்டம்பர் 18க்குத் தள்ளிப் போனதற்கு இதுவே காரணம்.

இதையே தமிழ் மாதத்தின் பக்கம் நின்று பார்த்தால் மிக எளிய அடையாளம் கிடைக்கிறது. இரண்டு சங்கராந்திகளுக்கு இடைப்பட்ட காலம் ஒரு தமிழ் மாதம். ஒரு சந்திர மாதம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டால், அந்தச் சந்திர மாதத்தின் தொடக்க அமாவாசையும் முடிவு அமாவாசையும் அந்தத் தமிழ் மாதத்துக்குள்ளேயே வந்தாக வேண்டும். எனவே, எந்தத் தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசை வருகிறதோ, அங்கே அதிக மாதம் ஒளிந்திருக்கிறது. அத்தகைய மாதத்தை நம் பெரியவர்கள் ‘மலமாதம்’ என்று ஒதுக்கி, அதில் திருமணம் போன்ற சுபகாரியங்களைத் தவிர்த்தார்கள். வானக் கணக்கில் பார்த்தால் அது மாசுபட்ட மாதம் அன்று. பெயர் கிடைக்காத மாதத்துக்கு இடம் கொடுத்த மாதம், அவ்வளவுதான்.

அதிக மாதம் ஏறக்குறைய முப்பத்திரண்டரை மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. 19 ஆண்டுகளுக்கு ஏழு என்பது கணக்கு. 2023க்கு 19 ஆண்டு முன்னர், 2004இலும் அதிக சிராவணமே வந்தது. ஆனால் எல்லாத் தமிழ் மாதங்களுக்கும் இதில் சம வாய்ப்பு இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், நம் மார்கழியில். அப்போது வேகமாக ஓடுகிறது. ஜூலையில் தொலைவில் இருப்பதால் மெதுவாக நகர்கிறது. அதனால் ஒரு ராசியைக் கடக்கச் சூரியனுக்கு ஆனியிலும் ஆடியிலும் முப்பத்தொன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவாகவும், மார்கழியில் இருபத்தொன்பதரை நாளுக்குச் சற்றுக் குறைவாகவும் பிடிக்கிறது. சந்திர மாதம் முழுவதையும் உள்ளே வாங்கிக்கொள்ளக் கோடைப் பக்க மாதங்களில் இடம் இருக்கிறது. மார்கழியில் இடமே இல்லை. மிக அரிதாக, இதற்கு நேர்மாறாக, ஒரே சந்திர மாதத்துக்குள் இரண்டு சங்கராந்தி விழுந்து ஒரு மாதப் பெயர் விடுபட்டுப் போவதும் உண்டு. அந்த க்ஷய மாதம் சென்ற நூற்றாண்டில் 1963–64இலும் 1982–83இலும் வந்தது.

இந்த வேறுபாட்டிலிருந்து நாட்காட்டியில் தேடுவதற்கு ஒரு வழி கிடைக்கிறது. பங்குனி முதல் புரட்டாசி வரையிலான மாதங்களில், முதல் அமாவாசை மாதத்தின் முதல் இரண்டு நாளுக்குள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் மாதத்தின் கடைசி இரண்டு மூன்று நாள்களைப் பார்க்க வேண்டும். அங்கேயும் கறுப்பு வட்டம் இருந்தால் அகப்பட்டுவிட்டது. 2020 புரட்டாசியில் செப்டம்பர் 17 முதல் நாள், அக்டோபர் 16 முப்பதாம் நாள், இரண்டும் அமாவாசை. வழக்கமாக மகாளய அமாவாசைக்கு மறுநாளே நவராத்திரிக் கொலு தொடங்கிவிடும். அந்த ஆண்டு மகாளய அமாவாசை செப்டம்பர் 17 அன்றே வந்து போக, கொலு ஒரு மாதம் காத்திருந்து அக்டோபர் 17 அன்று தொடங்கியது. நாட்காட்டி கையில் இல்லாதபோது தீபாவளி போதும்: முந்தைய ஆண்டைவிடப் பதினொரு நாள் முன்னே வந்தால் இடையில் அதிக மாதம் இல்லை, பதினெட்டு, பத்தொன்பது நாள் பின்னே போனால் இருக்கிறது.

பௌர்ணமியை எண்ணிப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் இரண்டு பௌர்ணமி வந்ததும் அது செய்தியானது. அது ஆங்கில மாதத்தின் நீளத்தால் நேர்வது, அதற்கும் அதிக மாதத்துக்கும் தொடர்பில்லை. விதியில் பேசப்படுபவை அமாவாசை முடிவும் சூரியனின் ராசி மாற்றமும் மட்டுமே. வட இந்தியாவில் பௌர்ணமியோடு மாதத்தை முடிப்பவர்களும் அதிக மாதத்தை மட்டும் அமாவாசையிலிருந்து அமாவாசை வரைதான் வைக்கிறார்கள். அதனால் 2023இல் அவர்களது சிராவணத்தின் முதல் பாதி ஜூலைத் தொடக்கத்திலும் மறு பாதி ஆகஸ்ட் பிற்பகுதியிலுமாகப் பிரிந்து, நடுவில் அதிக மாதம் செருகி நின்றது.

எண்ணும் முறை தடுமாறும் இடம் மாத விளிம்பு. நாட்காட்டி முழு நாளைக் காட்டுகிறது. விதியோ நிகழும் கணத்தைக் கேட்கிறது. 2026 வைகாசி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சூரியன் ரிஷபத்துக்குள் நுழைவது மே 15 காலை. அமாவாசை முடிவது மே 17 அதிகாலை ஒன்றரை மணி. அடுத்த அமாவாசை முடிவது ஜூன் 15 காலை எட்டரை மணிக்குச் சற்று முன். சூரியன் மிதுனத்துக்குள் நுழைவது அன்றே மதியம் ஒரு மணி வாக்கில். நான்கரை மணி நேர இடைவெளியில்தான் அதிக ஜேஷ்டம் பிறக்கிறது. ஜூன் 15ஐ ஆனி முதல் நாளாக அச்சிட்ட நாட்காட்டியில் அன்று காலை வரை நீளும் அமாவாசையைக் கண்டு, இது ஆனிக் கணக்கு என்று ஒருவர் தள்ளிவிடலாம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சங்கராந்தி நேரத்திலும் திதி நேரத்திலும் சில மணி வேறுபடுவதுண்டு என்பதால், இவ்வளவு நெருக்கமான ஆண்டுகளில் தேதிக் கட்டத்தை விட்டுவிட்டு, ஒரே பஞ்சாங்கத்தில் இரண்டு அமாவாசைகளின் முடிவு நேரத்தையும் இரண்டு மாதப் பிறப்பு நேரத்தையும் எடுத்து ஒரு கோட்டில் வரிசையாகக் குறித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பிறப்புக் குறிகளுக்கு நடுவே இரண்டு அமாவாசைக் குறிகளும் விழுந்தால் அது அதிக மாதம். ஒன்று வெளியே விழுந்தால் இல்லை.