சர்வேயர் குறைத்த இழப்புத் தொகையை எதிர்த்து நமது மதிப்பீட்டாளரை முன்வைப்பது எப்படி?

தீ விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் சொல்லும் தொகையே இறுதியானது என்று காரைக்குடிப் பக்கத்தில் பலர் இன்னும் நம்புகிறார்கள். காப்பீட்டுச் சட்டம், 1938, பிரிவு 64 யு.எம். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட இழப்புகளுக்கு உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கையைக் கட்டாயமாக்குகிறது என்பது உண்மை. ஆனால் அந்த அறிக்கையே கடைசிச் சொல் அல்ல, அதிலிருந்து விலகவே முடியாது என்பதும் இல்லை என்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 இல் கூறியது. அதே வேளையில், நாம் அமர்த்தும் மதிப்பீட்டாளரின் தொகையை அப்படியே ஏற்கவேண்டிய கடமை நிறுவனத்துக்கும் கிடையாது. எனவே ‘எங்கள் ஆளை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் கேட்பதைவிட, ‘எங்கள் அறிக்கையைப் பரிசீலித்து, ஏற்காத ஒவ்வொரு இனத்துக்கும் எழுத்தில் காரணம் தாருங்கள்’ என்று கேட்பதே வலுவானது.

ஓர் உதாரணக் கணக்கு இதைத் தெளிவாக்கும். செட்டிநாட்டுப் பழைய வீடொன்றில் மின்கசிவால் இரண்டாம் கட்டு எரிந்துவிட்டது என்றும், பாலிசி தேய்மானம் கழிக்காமல் மறுகட்டுமானச் செலவைத் தரும் வகை என்றும் வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் கேட்டது 6,40,000 ரூபாய். சர்வேயர் தந்தது 3,70,000 ரூபாய். 2,70,000 ரூபாய் இடைவெளியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று காரணங்கள்தான் தெரிகின்றன. தேக்குத் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் பழமையைக் காட்டி 3,00,000 ரூபாயில் பாதியைக் கழித்துவிட்டார். ஆத்தங்குடிக் கல் பதித்த 600 சதுர அடிக்குச் சாதாரண டைல்ஸ் விலையைப் போட்டு, சதுர அடிக்கு 150 ரூபாய் ஆகவேண்டிய இடத்தில் 60 ரூபாய் என எழுதியதால் 54,000 ரூபாய் குறைந்தது. சுண்ணாம்புக் காரை பூசிய 900 சதுர அடிச் சுவரை 600 என அளந்ததால், சதுர அடிக்கு 220 ரூபாய் வீதம் 66,000 ரூபாய் விடுபட்டது.

வீட்டுக்காரர் அமர்த்திய மதிப்பீட்டாளர் மூன்று இனங்களையும் சரிசெய்தார். ஆனால் எரிந்த தேக்கில் மிஞ்சிய மரத்தின் மதிப்பாக 20,000 ரூபாயைத் தாமே கழித்து 6,20,000 என முடித்தார். அமர்த்தியவருக்குப் பாதகமானதையும் மறைக்காத அறிக்கையைப் புறந்தள்ளுவது கடினம் என்பதால், இந்தக் கழிவு அந்த அறிக்கைக்கு நன்மையே செய்கிறது. கிடைக்கும் தொகையில் பங்கு என்று கட்டணம் பேசினால் இந்த நம்பகத்தன்மை போய்விடும். நிலையான கட்டணமே நல்லது. அவருடைய உரிமம் மோட்டார் பிரிவுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் தீ விபத்துப் பிரிவையும் உள்ளடக்கியதா என்று முதலிலேயே கேட்டுவிடவேண்டும். கட்டணத்தை நாமே ஏற்கவேண்டும். பழைய பொதுத் தீ பாலிசியில் கட்டடக் கலைஞர், சர்வேயர் கட்டணத்துக்கு இடம் உண்டு என்றாலும், இழப்புக் கோரிக்கையைத் தயாரிக்கும் செலவு அதில் சேராது.

காலம் இங்கே மிக முக்கியம். இடிபாடுகளை அள்ளிய பிறகு வருபவர் சர்வேயரின் படங்களைத்தான் பார்க்கமுடியும். ஆகவே அகற்றுவதற்கு முன்பே அளவெடுத்து, உடைந்த ஆத்தங்குடிக் கல்லையும் காரைத் துண்டையும் எடுத்துவைத்து, உள்ளூர்த் தச்சரிடமும் கல் செய்பவரிடமும் தேதியிட்ட விலைப்பட்டியல் வாங்கவேண்டும். விலை விவாதம் இந்தத் தாள்களில்தான் தீரும்.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் சர்வே அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதைத் தேய்மானம், விலை, அளவு என இனவாரியாக மறுத்து, மதிப்பீட்டாளரின் அறிக்கையை இணைத்து, இரு தரப்பினரும் சேர்ந்து மறுஅளவு எடுக்குமாறு கோருங்கள். தகராறில்லாத 3,70,000 ரூபாயை இப்போதே தரும்படியும் எழுதுங்கள். ‘முழு, இறுதித் தீர்வு’ என்ற ரசீது நீட்டப்பட்டால், எதிர்ப்புடன் பெற்றுக்கொள்வதாகக் கையால் குறித்துக் கையெழுத்திட்டு நகல் வைத்துக்கொள்வது நல்லது. அதைச் செய்யாமல் பிறகு வாதாடுவது மிகவும் சிரமம்.

சர்வேயர் உரிமம் உடையவர் என்பதாலேயே அவர் அளந்தது சரி என்று பதில் வந்தால் அது காரணம் ஆகாது. முன்னூறு சதுர அடி ஏன் விடுபட்டது என்பதற்கு அதில் விடை இல்லை. நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் செல்லவேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. இரண்டு இடங்களிலும் முதலில் நீட்டவேண்டியது இரு அறிக்கைகளின் எண்களையும் அருகருகே எழுதி, எந்த இனத்தில் எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஒரே ஒரு தாள்.