பசித்தால் தானாகச் சாப்பிடுவான் என்று காத்திருக்காதீர்கள்

மூன்று மாதத்துக்கு முன் ஐந்து வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடக்க மாட்டேன் என்கிறான், முழங்காலைத் தொட்டால் அலறுகிறான். எலும்பு மருத்துவரைப் பார்த்தாகிவிட்டது, ரத்தப் புற்றுநோயோ என்ற பயத்தில் அந்தப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, லேசாக ரத்தம் கசிந்தது.

"எல்லாம் சாப்பிடுவான் டாக்டர்" என்றார் அம்மா. சரி, நேற்றுக் காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். பால், தாளிக்காத தயிர்சாதம், ஒரே கம்பெனி பிஸ்கட், மறுபடி பால். ஒன்றரை வருடமாக இவ்வளவுதான். வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி, அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு வந்த அதே நோய். மருந்து கொடுத்து சில நாளிலேயே வலி குறைந்துவிட்டது. எடை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பாலும் சோறும் எடையைத் தாங்கிப் பிடித்துவிடும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

கூட வந்த பாட்டி, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க டிவி பார்த்து டயட் இருக்குதுங்க" என்றார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. டயட் இருப்பவர் குண்டாகிவிடுவோமோ என்று பயப்படுவார், கண்ணாடி பார்ப்பார், எண்ணெய்ப் பலகாரத்தை ஒதுக்குவார். இவனுக்கு உடம்பைப் பற்றிய நினைப்பே கிடையாது. எத்தனை பிஸ்கட் கொடுத்தாலும் தின்பான், ஆனால் பாக்கெட்டின் நிறம் மாறினால் அதே பிஸ்கட்டைத் தொடமாட்டான். சில குழந்தைகளுக்கு வாசனையும் பிசுபிசுப்பும் ஆகாது, சிலருக்கு ஒருமுறை தொண்டையில் சிக்கிய பயம், சிலருக்குப் பசியே சரியாகத் தெரியாது. 2013-லிருந்து இந்த உணவுத் தவிர்ப்புக் கோளாறுக்கு ஆர்ஃபிட் என்று தனிப்பெயரே உண்டு. அடம் இல்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்ததும் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் கூடுதலாகப் பார்க்கிறோம்.

இரண்டு மூன்று வயதில் புதுக் காயைத் துப்புவது சகஜம், அதற்கு ஓடிவர வேண்டாம். ஆனால் சாப்பிடும் பொருட்களின் பட்டியல் வளராமல் சுருங்கிக்கொண்டே போனால், விட்டதை மறுபடி எடுக்கவே இல்லையென்றால், வளர்த்தி நின்றால், முகம் வெளுத்தால் வந்துவிடுங்கள்.

மூக்கைப் பிடித்து ஊட்டாதீர்கள். பட்டினி போட்டுப் பார்க்காதீர்கள், இந்தக் குழந்தைகள் பட்டினியே கிடந்துவிடும். தயிர்சாதத்துக்குள் கேரட்டை ஒளித்து வைக்காதீர்கள், தயவுசெய்து. கண்டுபிடித்துவிட்டால் தயிர்சாதமும் போய்விடும். பிடித்ததைத் தட்டில் வைத்து, பக்கத்தில் துளியூண்டு புதியதை வைத்துவிட்டு நீங்கள் உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

போன வாரம் அந்தப் பையன் ஆரஞ்சுச் சுளை ஒன்றை எடுத்து, ஓரத்தை நக்கிப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டானாம். கைதட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். தட்டவில்லையாம், அடுப்படிக்குப் போய் அழுதாராம்.