ஆகவேண்டிய காரியம்: ‘ஜாப்ஸ் டு பி டன்’ என்றால் என்ன?

இந்தச் சொற்றொடரில் வரும் ‘ஜாப்’ சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை அல்ல. ஒருவர் ஒரு குறிப்பிட்ட சூழலில் முடித்துக்கொள்ளத் துடிக்கும் காரியம் அது. அதற்காக அவர் ஒரு பொருளை ‘வேலைக்கு வைக்கிறார்’. சரியாகச் செய்யாவிட்டால் நிறுத்திவிட்டு வேறொன்றை வைக்கிறார்.

1990களில் அமெரிக்காவில் டோனி உல்விக், பாப் மொயஸ்டா போன்றோர் தனித்தனியே வளர்த்த சிந்தனை இது. ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 2003இல் மைக்கேல் ரேனருடன் எழுதிய நூல்தான் இதைப் பரவலாக்கியது. மில்க்‌ஷேக் கதை கிறிஸ்டென்சன் சொல்லிப் பிரபலமானது: காலையில் காரில் வேலைக்குப் போகிறவர்கள் நீண்ட பயணத்தின் சலிப்புக்கும் பத்து மணிப் பசிக்கும் சேர்த்து அதை வாங்கினார்கள். அங்கே மில்க்‌ஷேக்குக்குப் போட்டி வாழைப்பழமும் டோனட்டும்.

தமிழில் ‘செய்யப்பட வேண்டிய பணிகள்’ என்று எழுதினால் அலுவலகப் பட்டியல்போல ஒலிக்கிறது. ‘வேலை’ என்றால் உத்தியோகம் குறுக்கே வரும். ‘ஆகவேண்டிய காரியம்’ நன்றாகப் பொருந்துகிறது. துக்க வீட்டுக் ‘காரியமும்’ இதே சொல்தான் என்றாலும் இடம் பார்த்தால் குழப்பம் வராது.

இதை வைத்து, இன்னும் நிறைவேறாத அன்றாடத் தேவையைக் கண்டுபிடிப்பது எப்படி? கோத்ரெஜ் நிறுவனத்தின் ‘சோட்டுகூல்’ இதற்கு நல்ல பாடம். ஃபிரிட்ஜ் இல்லாத கிராமப்புற, ஏழைக் குடும்பங்களை மனத்தில் வைத்து உருவான சிறு குளிர்பெட்டி அது. இத்தகைய வீடுகளில் ‘ஃபிரிட்ஜ் வேண்டுமா?’ என்று கேட்டால் ஆமாம் என்ற பதிலைத் தவிர எதுவும் கிடைக்காது. ஃபிரிட்ஜ் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்: பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது, அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்கறி வாங்குவது, ஒரு வேளைக்கு மட்டும் சமைப்பது, மண்பானையில் தண்ணீர் வைப்பது. காசு, நேரம், உழைப்பு ஆகியவற்றில் ஒன்றையாவது செலவழித்துச் சமாளிக்கிறார்கள் என்றால் அங்கே உண்மையான காரியம் இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் ‘கஷ்டமாத்தான் இருக்கு’ என்று மட்டும் சொன்னால் அதை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

பிறகு காரியத்தை ஒரு வரியில் எழுத வேண்டும்: ‘மின்சாரம் நிச்சயமில்லாத, இடம் குறைந்த வீட்டில், மிஞ்சிய உணவும் பாலும் மறுநாள்வரை கெடாமல் இருக்க வேண்டும்.’ இதில் பொருளின் பெயர் இல்லை. எழுதிய வரி சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மண்பானை, பால்காரர், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் என்று வெவ்வேறு வகையான போட்டியாளர்கள் அதில் அடங்க வேண்டும். எல்லாப் போட்டியும் ஃபிரிட்ஜ் கம்பெனிகளாகவே இருந்தால் நீங்கள் எழுதியது உங்கள் பொருளின் விவரம். ‘நிம்மதியாக வாழ வேண்டும்’ என்று எழுதினாலோ உலகத்தில் உள்ள எல்லாமே போட்டிதான். அதை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது.

சோட்டுகூலின் வடிவம் அந்த வரிக்கு நேராகவே பதில் சொன்னது. சுமார் 43 லிட்டர் கொள்ளளவு, எட்டு கிலோவுக்கும் குறைவான எடை, குளிர் சட்டென்று வெளியேறாதபடி மேலே திறக்கும் மூடி. கம்ப்ரசருக்குப் பதிலாக, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சிறு சில்லு. 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். அறிமுகமானபோது விலை மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

ஆனாலும் எதிர்பார்த்த வீடுகளில் அது எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. பின்னாளில் நகரத்தில் கார் பயணம், சிறு கடை போன்ற தேவைகளுக்காக விற்றார்கள். காரணம் காரியத்தின் இன்னொரு பாதியில் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. நம் ஊரில் ஃபிரிட்ஜ் வீட்டின் கௌரவமும்கூட. ஐஸ் கட்டி தராத சின்னப் பெட்டியை வாங்குவதைவிட, இன்னும் கொஞ்சம் சேர்த்து, கண்ணுக்குத் தெரியும்படி ‘முழு’ ஃபிரிட்ஜே வாங்கலாம் என்று குடும்பம் காத்திருக்கும். பயன் சார்ந்த காரியத்தை மட்டும் எழுதி, மற்றவர் பார்வை சார்ந்ததை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இதை முன்கூட்டியே பிடிக்க, பேட்டியில் கருத்துக் கேட்காமல் நடந்ததைக் கேட்க வேண்டும். கடந்த மூன்று மாதத்துக்குள் அந்தக் காரியத்துக்காக ஏதாவது பொருளை வாங்கிய பத்துப் பன்னிரண்டு பேர் போதும். முதலில் எப்போது அந்த நினைப்பு வந்தது, அன்று என்ன நடந்தது, வேறு எதைப் பார்த்தார்கள், யாரிடம் கேட்டார்கள், எது தயங்க வைத்தது என்று நாள்வாரியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். பழைய நிலையின் எரிச்சலும் புதியதன் கவர்ச்சியும் ஒரு பக்கம் இழுக்கும். பழக்கமும் பயமும் மறுபக்கம் இழுக்கும். பலர் முதல் இரண்டை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடுவார்கள், விற்பனை நிற்பது பின்னிரண்டில்தான்.

இன்னும் வாங்காதவர்களிடம் ‘இந்த விலைக்கு வாங்குவீர்களா?’ என்று கேட்பது வீண். ‘கடைசியாகப் பால் எப்போது திரிந்தது, எவ்வளவு கொட்டினீர்கள், மறுநாள் என்ன மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். மறுநாள் எதையும் மாற்றவில்லை என்றால் அவரை வாங்கப்போகிறவர் கணக்கில் சேர்க்க வேண்டாம்.