பல்பு இழை எவ்வளவு சூடாகிறது? ஆறின மின்தடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

இயற்பியல் ஆய்வகத்தில் பாடம் எடுக்கும் எனக்கு அடிக்கடி வந்து சேரும் ஒரு விடை 4,760 கெல்வின். டங்ஸ்டன் 3,695 கெல்வினிலேயே உருகிவிடும். எரிந்துகொண்டிருக்கும் பல்புக்கு இப்படி ஒரு வெப்பநிலை வந்தால் சூத்திரத்தைச் சந்தேகப்பட வேண்டாம், உள்ளே போட்ட மின்தடையைப் பாருங்கள்.

வெற்றிட பல்பில் இழையைச் சுற்றிக் காற்று இல்லை. தாங்கு கம்பிகள் வழியாகக் கொஞ்சம் வெப்பம் கசிவதை விட்டுவிட்டால், உள்ளே வரும் மின்திறன் முழுவதும் கதிர்வீச்சாகத்தான் வெளியேற வேண்டும். இழை சூடாகச் சூடாக அது உமிழ்வதும் வெப்பநிலையின் நான்காம் படியில் ஏறுகிறது, வரவும் செலவும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடுகிறது:

P = εσA(T⁴ − T₀⁴)

P என்பது மின்திறன், ε என்பது பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிர்வீசுகிறது என்று சொல்லும் உமிழ்திறன், σ என்பது ஸ்டீஃபன்-போல்ட்ஸ்மன் மாறிலி, T என்பது இழையின் வெப்பநிலை, T₀ என்பது சுற்றுப்புறத்தின் வெப்பநிலை. 2,500 கெல்வினோடு ஒப்பிட்டால் 300 கெல்வினின் நான்காம் படி 0.02 சதவீதம்தான், தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் A என்பது கம்பியின் பக்கப் பரப்பு, குறுக்குவெட்டுப் பரப்பு அல்ல. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

230 வோல்ட், 25 வாட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இழையின் விட்டம் 17.5 மைக்ரோமீட்டர், சுருளை நீட்டினால் நீளம் 68.5 சென்டிமீட்டர், எனவே பக்கப் பரப்பு சுமார் 38 சதுர மில்லிமீட்டர். டங்ஸ்டனின் உமிழ்திறன் இந்த வெப்பநிலையில் ஏறத்தாழ 0.30. அணைந்திருக்கும் பல்பில் மல்டிமீட்டரை வைத்தால் 161 ஓம் காட்டும். அதை அப்படியே V²/R-இல் போட்டால் 329 வாட் வரும், அதிலிருந்துதான் அந்த 4,760 கெல்வின். 25 வாட் என்று மேலேயே அச்சடித்த பல்பு 329 வாட் எடுக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே தவறு பிடிபட்டிருக்கும்.

உண்மையில் 329 வாட் பொய்யில்லை, சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் அவ்வளவு பாயத்தான் செய்யும். இழையின் எடை மூன்று மில்லிகிராம் அளவே என்பதால் கண் சிமிட்டும் முன்பே சூடேறி, மின்தடை கிட்டத்தட்ட 13 மடங்காகிவிடுகிறது. நிலைத்த வெப்பநிலைக்கு வேண்டியது அந்தச் சூடான மின்தடைதான், ஆனால் வெப்பநிலை தெரியாமல் அது தெரியாது. அதனால் ஊகித்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும். முதலில் 2,000 கெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்கள். டங்ஸ்டன் அட்டவணைப்படி அங்கே மின்தடை பத்து மடங்கு, அதாவது சுமார் 1,616 ஓம், திறன் 32.7 வாட், சூத்திரம் தரும் வெப்பநிலை 2,670. சரி, இப்போது 2,670-க்கான மின்தடையைப் போட்டால் 2,450 வரும், அதைப் போட்டால் 2,517. இப்படி மேலும் கீழுமாக ஊசலாடி 2,500-க்குப் பக்கத்தில் அடங்கிவிடும். அங்கே மின்தடை 2,106 ஓம், திறன் 25 வாட், பல்பின் மேல் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறது.

எரியும்போதே வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் சேர்த்து அளந்தால் இந்தச் சுற்றே தேவையில்லை, இரண்டையும் பெருக்கினால் திறன் கையில். நேரடி மின் இணைப்பில் வேலை செய்வதைவிடக் குறைந்த வோல்டேஜ் பல்பில் இதைச் செய்து பார்ப்பது பாதுகாப்பு.

நான்காம் மூலம் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. சுருளின் உட்பக்கம் உமிழ்வதில் ஒரு பகுதியைப் பக்கத்துச் சுற்றே திரும்ப வாங்கிக்கொள்வதால், பயன்படும் பரப்பு நாம் போட்டதைவிடக் குறைவு. அது 20 சதவீதம் குறைந்தாலும் அதே 25 வாட்டுக்கு வெப்பநிலை 6 சதவீதம்தான் கூடும். ஆனால் உமிழ்திறனை மறந்து 1 என்று வைத்தால் அந்த உதவியும் போதாது, விடை 1,850 கெல்வினுக்கு விழுந்துவிடும்.

இந்தக் கணக்கு தருவது இழை முழுவதற்குமான ஒரே வெப்பநிலை. தாங்கு கம்பிகளைத் தொடும் முனைகள் அதைவிடக் குளிர்ந்தவை, மங்கலாக எரியும் பல்பில் அங்கே இருட்டாக இருப்பது கண்ணுக்கே தெரியும். நடுவில் ஓரிடத்தில் கம்பி ஒரு சதவீதம் மெலிந்திருந்தால் நிலைமை தலைகீழ். எல்லா இடத்திலும் ஓடுவது ஒரே மின்னோட்டம், மெலிந்த இடத்தில் மின்தடை 2 சதவீதம் கூடுகிறது, கதிர்வீச வேண்டிய பரப்போ ஒரு சதவீதம் குறைகிறது. அதனால் அந்த இடம் 20 முதல் 25 கெல்வின் கூடுதலாகச் சூடாகி அதிலேயே நிலைகொள்கிறது. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் டங்ஸ்டன் ஆவியாகும் வேகம் அங்கே ஒன்றரை மடங்கை நெருங்கிவிடும், கம்பி இன்னும் மெலியும், இன்னும் சூடாகும், கடைசியில் அறுவதும் அங்கேதான்.