நொதி: முட்டைக்கறையும் சுடுதண்ணீரும் விளக்கும் ஒரு சொல்

மும்பை செம்பூரில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா சென்ற மாதம் தம் மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினார். காலையில் அவசரமாக அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டபோது மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் மார்புப்பகுதியில் வழிந்திருந்தன. "கீசர் தண்ணியிலதான் தம்பி ஊற வெச்சேன், அழுக்கு சீக்கிரம் போகும்னு. இப்ப பிசின் மாதிரி ஒட்டிக்கிச்சு. இந்தப் பொட்டலத்துல என்சைம் இருக்குன்னு போட்டிருக்கு, அப்படின்னா என்ன?" என்று கேட்டார். சட்டையில் நடந்ததற்கும் பொட்டலத்தின் மீதிருந்த அந்தச் சொல்லுக்கும் நேரான தொடர்பு உண்டு.

என்சைம் என்ற சொல்லை 1877-இல் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கியூனே உருவாக்கினார். கிரேக்கத்தில் 'சைமே' என்றால் மாவைப் புளிக்கவைக்கும் புளிமா. 'என்' என்றால் உள்ளே. புளிக்கவைக்கும் ஈஸ்டுக்குள் இருப்பது என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் இதற்கு நிலைத்துவிட்ட சொல் நொதி. இலங்கைப் பாடநூல்களில் நொதியம் என்று வழங்கும். புளித்து நுரைத்துப் பொங்குவதைக் குறிக்கும் நொதித்தல் என்ற வினையிலிருந்தே இதுவும் வந்தது. கிரேக்கச் சொல்லை ஒலிபெயர்க்காமல், அதே நிகழ்ச்சியைத் தமிழ் எந்த வினையால் சொல்கிறதோ அதிலிருந்தே பெயரைப் படைத்திருப்பதால், இது மிக நல்ல ஆக்கம் என்பது என் எண்ணம். ஆனால் சலவைத்தூளில் நொதி இருக்கிறது என்றால் துணி புளிக்கிறது என்று பொருளில்லை. இட்லி மாவில் நுண்ணுயிர்கள் தம்முள் இருக்கும் நொதிகளைக் கொண்டு வேலை செய்கின்றன. சலவைத்தூளில் நுண்ணுயிர் இல்லை, அதிலிருந்து பிரித்தெடுத்த நொதி மட்டுமே இருக்கிறது. உயிருள்ள புளிப்பையும் உயிரற்ற அதன் கருவியையும் வேறுபடுத்திச் சொல்வதற்காகவே கியூனே புதுச்சொல் படைத்தார்.

அவர் காலத்தில் நொதி எந்தப் பொருளால் ஆனது என்று யாருக்கும் தெரியாது. 1926-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கி, அது ஒரு புரதம் என்று காட்டினார். முட்டைக் கறையும் புரதம், அதை அகற்றும் நொதியும் புரதம் என்ற இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், சுடுதண்ணீர் ஏன் இருவழியிலும் கெடுக்கிறது என்பது விளங்கிவிடும்.

வெள்ளைக் கருவில் பெரும்பகுதி தண்ணீர். எஞ்சியதில் மிகுதி புரதம். ஒவ்வொரு புரத மூலக்கூறும் ஒரு நீண்ட நூல், தன்மேலேயே சுருண்டு உருண்டையாகக் கிடப்பது போன்றது. தண்ணீரோடு சேராத பகுதிகள் உருண்டைக்குள் மறைந்திருப்பதால் அது தண்ணீரில் கரைந்து நிற்கிறது. ஆகவே பச்சை முட்டை பட்ட துணியைக் குளிர்ந்த நீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். சுமார் 60 டிகிரியைத் தாண்டியதும் உருண்டை அவிழத் தொடங்குகிறது. மறைந்திருந்த பகுதிகளும் கந்தகம் கொண்ட முனைகளும் வெளியே வந்து, ஒரு நூல் அடுத்த நூலைப் பற்றிக்கொள்ள, வலை ஒன்று பின்னப்படுகிறது. அவிழ்வதை இயல்பிழத்தல் என்றும், வலையாகக் கட்டிப்படுவதை உறைதல் என்றும் சொல்லலாம். வாணலியில் முட்டை வேகும்போது கண்ணாடி போன்றிருந்தது வெள்ளையாவதும் இதனால்தான். துணியில் இந்த வலை பருத்தி நூலின் முறுக்குக்கும் இழைகளுக்கும் நடுவே பின்னப்பட்டுவிடுகிறது. சாயம்போல நிறமாக ஏறுவதன்று இது. துணியோடு சேர்த்து நெய்துவிட்டது போன்ற நிலை. எனவே சோப்பு எவ்வளவு நுரைத்தாலும் முழு வலையை இழுத்து வெளியே எடுக்க இயலாது.

பாலின் கதை சற்று வேறு. அதன் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கான கேசீன் கொதித்தாலும் உறைவதில்லை. புளிப்பு சேர்ந்தால் திரையும். எஞ்சிய மோர்ப்புரதங்கள் 70 டிகிரிக்கு மேல் இயல்பிழந்து கேசீனோடு ஒட்டிக்கொள்கின்றன. பால் பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் படலத்தில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. துணியில் காய்ந்துபோன பால்கறைமேல் கொதிநீர் ஊற்றினால் ஏறத்தாழ அதுவே நடக்கும். கறை உறைந்துவிட்டதா என்பதை விரலால் அறியலாம்: நனைத்தபின் வழவழப்பாகக் கரைந்து வந்தால் உறையவில்லை, நனைத்தும் விறைப்பாக, ஒளிபுகா வெண்படலமாக நின்றால் உறைந்துவிட்டது.

இழுக்க முடியாத வலையை வெட்ட வேண்டும். அதைச் செய்வது புரதத்தைப் பகுக்கும் நொதி. பொட்டலத்தில் புரோட்டியேஸ் என்று இருக்கும். தமிழில் புரதப்பகுப்பு நொதி எனலாம். அது புரத நூலின் ஒரு கணுவைத் தன் பிளவுக்குள் பிடித்து, அவ்விடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறைச் சேர்த்துப் பிளக்கிறது. பின் தான் சிதையாமல் அடுத்த கணுவுக்குப் போகிறது. இதனால் தூளில் மிகச் சிறிதளவே போதும், ஆனால் நேரம் வேண்டும். ஜெர்மனியின் ஓட்டோ ரோம் 1913-இல் விலங்குகளின் கணைய நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். சோடா கலந்த காரநீரில் அந்த நொதி நன்கு நிலைக்கவில்லை. 1960-களில் பேசிலஸ் நுண்ணுயிர்களிலிருந்து, காரத்தைத் தாங்கும் சப்டிலிசின் வகை நொதிகள் வந்தபிறகே இம்முறை பரவியது. அவையும் புரதமே, 60 டிகிரிக்கு மேல் விரைவாகச் செயலிழக்கும். கொதிநீரில் தூளைக் கொட்டுபவர் கறையை வேகவைத்து, அதை வெட்டவேண்டிய கருவியையும் வேகவைத்துவிடுகிறார். குளோரின் வெளுப்பானும் நொதியைச் சிதைக்கும்.

அக்காவின் சட்டைக்கு முதலில் காய்ந்த படலத்தை மொக்கைக் கத்தியால் மெதுவாகச் சுரண்டினோம். ஒரு வாளியில், தொட்டால் இதமாக இருக்கும் சுமார் 40 டிகிரி நீரில் நொதித்தூளைக் கரைத்து இரவு முழுவதும் ஊறவைத்தோம். அவிழ்ந்த புரத நூலை நொதி எளிதாகப் பிடிக்கிறது என்பது உறைந்த கறையிலும் நமக்கு உதவும். உருண்டையாக இருக்கும் புரதம் இதைவிடக் கடினமாக எதிர்க்கும். நெருக்கமான வலைக்குள் நொதி புகுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. காலையில் படலம் கூழாகி விரலில் வந்தது. அலசியபின் விறைப்பு இல்லை. மங்கிய மஞ்சள் நிழல் மட்டும் நின்றது. அது புரதமன்று, மஞ்சள் கருவின் கொழுப்பில் கரைந்த நிறமி. புரதப்பகுப்பு நொதி அதைத் தொடாது. சோப்பு தேய்த்து ஈரத்தோடு மொட்டைமாடியில் வெயிலில் போட்டதும் ஒளியில் மெல்லமெல்ல வெளுத்தது.

சட்டை சரியானதைப் பார்த்த அக்கா, தன் பட்டுப்புடவை முந்தியில் பட்ட பால்கறைக்கும் அதே தூளைப் போடலாமா என்று கேட்டார். கூடாது என்று தடுத்தேன். பருத்தி செல்லுலோஸ் என்ற மாப்பொருளினம்; புரதப்பகுப்பு நொதி அதைக் கண்டுகொள்வதில்லை. பட்டும் கம்பளியும் புரத இழைகளே. கறை எது, புடவை எது என்று நொதிக்குத் தெரியாது. இழையும் தேய்ந்து மங்கும். பட்டுக்கு, கறை காயும் முன் குளிர்ந்த நீரை ஒற்றி எடுப்பதே முறை.